ஐந்நூறு ரூபாய் பூட்டும் ஒரு பைசாவும்

தொண்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், ஒரு துண்டுச்சீட்டையும் அதை வைத்து அவர் தயாரித்த கொட்டேஷனையும் அனுப்பியிருந்தார். பக்கத்து ஊர் மீனவர் சங்கத்தின் வலைக்கூடத்தைப் பழுது பார்க்கச் சாமான் கேட்டிருக்கிறார்கள். சீட்டில் பிள்ளையார் சுழிக்குக் கீழே நான்கே வரிகள்:

சிமெண்ட் 20 மூட்டை, 360
பெயின்ட் 3 டப்பா, 1,250
ஷட்டர் பூட்டு 1, 500
சோலார் விளக்கு 4, 1,050

எல்லாம் ஒன்றுக்குக் கல்லாவில் வாங்கும் விலை, அதாவது வரி உள்ளடங்கியது. கூட்டினால் 15,650 ரூபாய். கொட்டேஷனாக எழுதியதும் தொகை குறைந்துவிட்டது, "கூட்டல் சரியில்லை" என்று சங்கத்திலிருந்து திரும்பியும் வந்துவிட்டது. எங்கே போனது பணம் என்பது அவருடைய கேள்வி.

பெரிய ஓட்டையை முதலில் அடைத்துவிடலாம். சிமெண்ட், பெயின்ட், பூட்டு மூன்றுக்கும் வரி 18 சதவீதம். மூன்றும் சேர்ந்து 11,450. அவர் இதில் 18 சதவீதத்தைக் கழித்து 9,389 என்று அடிப்படை மதிப்பு எழுதியிருக்கிறார். அதன் மேல் 18 சதவீதம் போட்டால் 11,079.02தான் வரும். 370.98 ரூபாய் காணாமல் போய்விட்டது. 18 சதவீதம் என்பது அடிப்படை மதிப்பின் மேல் கணக்கிடுவது. வரியோடு சேர்ந்த தொகையின் மேல் அல்ல. உள்ளடங்கிய விலை 118 பங்கு என்றால் அதில் வரி 18 பங்கு. ஆகவே கழிக்கக் கூடாது, 1.18ஆல் வகுக்க வேண்டும். ஜிஎஸ்டி விதிகளில் 35ஆம் விதி சொல்வதும் இதுவே. சோலார் விளக்குக்கு வரி 5 சதவீதம் என்பதால் 4,200ஐ 1.05ஆல் வகுத்தால் சுத்தமாக 4,000 வருகிறது. மத்திய வரி 100, மாநில வரி 100. விளக்குக் கணக்கு அத்தோடு முடிந்தது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். பூட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். 500ஐ 1.18ஆல் வகுத்தால் 423.7288... என்று போகிறது. பைசாவுக்கு முழுமையாக்கினால் 423.73. வரி 76.27. மாநிலத்துக்குள் விற்றால் இந்த வரியை மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு சம பாதியாகக் காட்ட வேண்டும். 76.27 என்பது ஒற்றைப்படைப் பைசா. சரிபாதியாகப் பிரியாது. 423.73க்கு 9 சதவீதம் 38.1357, முழுமையாக்கினால் 38.14. இரண்டு தடவை சேர்த்தால் மொத்தம் 500.01.

சரி, அடிப்படை மதிப்பை ஒரு பைசா குறைத்துப் பார்ப்போம் என்று 423.72 போட்டால், 9 சதவீதம் 38.1348, அதாவது 38.13. மொத்தம் 499.98. நடுவில் இருக்கும் 500.00ஐத் தொடவே முடியவில்லை! எந்தக் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருள் வாங்கினாலும், பைசாவுக்கு முழுமையாக்கிய இரண்டு சம பாதிகளை வைத்து 18 சதவீதத்தில் ஐந்நூறு ரூபாய் வராது.

காரணம் இதுதான். அடிப்படை மதிப்பை ஒவ்வொரு பைசாவாக ஏற்றிக்கொண்டே போனால், மொத்தமும் பெரும்பாலும் ஒவ்வொரு பைசாவாகவே ஏறும். 9 சதவீதக் கணக்கு அரைப் பைசாவைத் தாண்டும் இடத்தில் மட்டும் இரண்டு பாதிகளும் ஒரே நேரத்தில் ஒரு பைசா ஏறும். அங்கே மொத்தம் மூன்று பைசா தாவிவிடும், இடையிலுள்ள இரண்டு தொகைகள் விட்டுப்போகும். அடிப்படை நூறு பைசா ஏறுவதற்குள் இப்படி ஒன்பது தாவல். ஆகவே 118 தொகைகளில் 18 தொகைகள் எட்டாதவை. ஐந்நூறு அந்தப் பதினெட்டில் ஒன்று. அதே பூட்டைக் காரைக்காலுக்கு அனுப்பினால், அது புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், மாநிலத்துக்கு வெளியே விற்பதற்கான ஒருங்கிணைந்த வரி ஒரே வரியாக 76.27 என்று நிற்கும். மொத்தம் சரியாக 500.00. மொய்க் கவரில் ஒரு ரூபாய் சேர்த்து வைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: 501 எட்டும் தொகை, 401 எட்டாத தொகை. ஒற்றை ரூபாய்க்குத் தனியாக ராசி எதுவும் இல்லை. பள்ளியில் முழுமையாக்கலை ஒரே பாடத்தில் முடித்துவிடுகிறார்கள். அதை எந்தப் படியில் செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவதே இல்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

எந்தப் படி என்பதில்தான் வாசகரின் அடுத்த சிக்கல். அவர் திருத்தி எழுதிய இரண்டாவது பிரதியில் ஒரு மூட்டை விலையை 305.08 என்று முதலிலேயே வெட்டி, பிறகு இருபதால் பெருக்கியிருந்தார்: 6,101.60. உண்மையில் 7,200ஐ வகுத்தால் 6,101.69. மூட்டைக்கு அரைப் பைசா கூட இல்லாத பிழை, இருபதால் பெருக்கியதும் ஒன்பது பைசாவாகிவிட்டது. இரண்டாயிரம் மூட்டை என்றால் ஒன்பது ரூபாய். ஆகவே ஒற்றை விலையை நான்கு தசம இடம் வரை வைத்துக்கொண்டு, அந்தப் பொருளின் மொத்தத்தை மட்டும் முழுமையாக்க வேண்டும். எக்செல்லில் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டத்தில் இரண்டு தசம இடம் காட்டச் சொன்னால் அது காட்டுவதை மட்டும்தான் மாற்றும். உள்ளே எல்லாத் தசம இடங்களோடும் எண் அப்படியே கிடக்கும். அச்சடித்த தாளைக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்ப்பவருக்கு ஒன்றிரண்டு பைசா இடிக்கும். உண்மையிலேயே முழுமையாக்க, வரியோடு சேர்ந்த தொகை E2 கட்டத்தில் இருந்தால்:

```
=ROUND(E2/1.18,2)
```

இப்போது கொட்டேஷனின் உடல் இப்படி நிற்கும்:

சிமெண்ட் 20 × 305.0847 = 6,101.69
பெயின்ட் 3 × 1,059.3220 = 3,177.97
ஷட்டர் பூட்டு 1 × 423.7288 = 423.73
18% பொருள்கள், அடிப்படை மதிப்பு: 9,703.39
மத்திய வரி 9%: 873.31
மாநில வரி 9%: 873.31
சோலார் விளக்கு 4 × 1,000 = 4,000.00
மத்திய வரி 2.5%: 100.00
மாநில வரி 2.5%: 100.00
கூட்டுத்தொகை: 15,650.01
முழுமையாக்கல்: −0.01
மொத்தம்: 15,650.00

கடைசிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். மூன்று பொருளும் சேர்ந்த 11,450ம் எட்டாத தொகைதான். அந்தக் கழித்தல் ஒரு பைசாவை எழுதாமல் மறைத்தால், கூட்டிப் பார்ப்பவர் மறுபடியும் திருப்பி அனுப்புவார். எழுதிவிட்டால் கேள்வியே இல்லை.

இதெல்லாம் வழக்கமான பதிவு உள்ள கடைக்கு. சிறு வணிகர்களுக்கான ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி வாங்கக் கூடாது. அவருடைய கொட்டேஷனில் வரிக்கென்று வரியே இருக்கக் கூடாது.

கீழே நிபந்தனைகள். பெரும்பாலும் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள். நான் இரண்டை மட்டும் வலியுறுத்துவேன். ஒன்று, விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, நாள் குறிக்காத முன்மொழிவு "நியாயமான காலம்" வரை உயிரோடிருக்கும். அது எத்தனை நாள் என்று சிமெண்ட் விலை ஏறிய பிறகு வாதாட வேண்டியிருக்கும். இன்னொன்று வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28லிருந்து 18ஆக இறங்கியது. முந்தைய வாரம் "எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகையாகக் கொட்டேஷன் கொடுத்தவருக்கும் வாங்குபவருக்கும் குறைந்த வரி யாருக்கு என்ற பேச்சு வந்திருக்கும். அடிப்படை விலையைத் தனியாக எழுதி, "வரி, சரக்கு வழங்கும் நாளில் உள்ள விகிதப்படி" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சரக்கைத் தொண்டிக் கடையிலேயே எடுத்துக்கொள்வதா, வலைக்கூடத்து வாசலில் இறக்கித் தருவதா என்பதை வாசகர் இன்னும் எழுதவில்லை. அவரே வண்டி வைத்து வாடகையைச் சங்கத்திடம் வாங்கினால் அதுவும் வரிக்குரிய மதிப்பில் சேரும், மேலே உள்ள கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.