ஆறாம் தடத்துப் பையன் ஏன் அவ்வளவு முன்னால் நிற்கிறான்?

பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஊர். அங்கே தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் திடலைச் சுற்றிக் கூடாரம் போட்டு, காலை எட்டு மணிக்கே பாதி ஊர் வந்துவிடும். உடற்கல்வி ஆசிரியராகவும் ஓட்டப்பந்தய நடுவராகவும் அங்கே பல வருடம் நின்றிருக்கிறேன். நானூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் நேரத்தில் கூடாரத்திலிருந்து ஒரு குரல் கட்டாயம் வரும்: "என்ன சார் இது, அந்தப் பையன் பாதித் தூரம் முன்னாலயே நிக்கிறான்!"

கேட்பதில் தப்பில்லை. எட்டுத் தடம் உள்ள முறையான ஓட்டத்திடலில் எட்டாம் தடத்தில் நிற்பவர் முதல் தடத்துக்காரரைவிட 53.03 மீட்டர் முன்னால் நிற்பார். சும்மா பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும்.

கணக்கு இப்படி. முறையான திடலில் நேர்ப்பாதை ஒவ்வொன்றும் 84.39 மீட்டர். வளைவு இரண்டும் அரைவட்டம். உள்விளிம்புக் கட்டை 36.50 மீட்டர் ஆரத்தில் இருக்கும். ஓடுகிறவர் கட்டையை உரசிக்கொண்டு ஓட மாட்டார் என்பதால் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்கிறோம். அந்தக் கோட்டில் ஒரு வளைவு 115.61 மீட்டர். இரண்டு நேர்ப்பாதையும் இரண்டு வளைவும் சேர்ந்தால் சரியாக 400. மற்றத் தடங்களில் உள்பக்கம் இருப்பது கட்டையல்ல, வெறும் வெள்ளைக் கோடு. அங்கே ஓடுகிறவர் இன்னும் நெருங்கி ஓடுவார் என்று வைத்து 20 சென்டிமீட்டர்தான் தள்ளி அளப்போம். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர்.

நேர்ப்பாதை எந்தத் தடத்திலும் ஒரே நீளம்தான். நீளம் கூடுவது வளைவில் மட்டும். இரண்டு அரைவட்டம் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். ஒரு வட்டத்தை ஒரு மீட்டர் வெளியே தள்ளினால் சுற்றளவு 6.28 மீட்டர் கூடும். வட்டம் பெரிதா சிறிதா என்பது இதில் வராது. செம்பனை மரத்தின் அடியைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். இன்னொரு கயிற்றைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டையும் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் விலக்கிக் கட்ட வேண்டுமென்றால், இரண்டுக்கும் கூடுதலாகத் தேவைப்படும் கயிறு ஒரே அளவு: 6.28 மீட்டர். நம்ப மறுத்த ஒரு அப்பாவுக்கு இதைக் கயிறு வைத்தே காட்டினேன். அப்புறம் அவர் அடுத்த கூடாரத்துக்குப் போய் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆக முதல் தடத்தைவிட இரண்டாம் தடம் 1.12 மீட்டர் வெளியே (1.22 மீட்டரோடு 20 சென்டிமீட்டரைக் கூட்டி 30ஐக் கழித்தால் வருவது). அதை 6.28ஆல் பெருக்கினால் 7.04 மீட்டர். அதன் பிறகு ஒவ்வொரு தடத்துக்கும் 7.67 கூடிக்கொண்டே போகும். மூன்றாம் தடத்துக்கு 14.70, நான்காம் தடத்துக்கு 22.37, ஐந்துக்கு 30.03, ஆறுக்கு 37.70. எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் எட்டாம் தடத்துப் பிள்ளை 453 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். தொடக்கக் கோட்டை முன்தள்ளிப் போடுவது அந்த 53 மீட்டரைக் கழிக்கத்தான்.

பார்வையாளர்கள் குழம்புவது இதற்கு அடுத்த இடத்தில். முன்னால் நிற்பவரின் இடைவெளி ஓட்டம் முழுக்கச் சீராகக் குறைந்துகொண்டே வரும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் தடத்திலும் எட்டாம் தடத்திலும் ஒரே வேகத்தில் இரண்டு பேர் ஓடுவதாக வையுங்கள். எட்டாம் தடத்தில் ஒரு வளைவின் முழு நீளம் 142.13 மீட்டர். 53.03 தள்ளி நிற்பதால் அவருக்கு முதல் வளைவில் மிச்சம் 89.10 மீட்டர்தான். அவர் எதிர்ப்பக்க நேர்ப்பாதையைத் தொடும்போது முதல் தடத்துக்காரர் இன்னும் வளைவுக்குள், 26.51 மீட்டர் பின்னால். நேர்ப்பாதை முழுக்க அந்த 26 மீட்டர் அப்படியே இருக்கும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அங்கே "விட்டுட்டான், விட்டுட்டான்" என்று கத்துகிற அம்மாக்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டாம் வளைவில்தான் மீதி இடைவெளி கரைகிறது. கடைசி நேர்ப்பாதையின் வாசலில் இருவரும் தோளோடு தோள் நிற்பார்கள். அந்த இடத்தில் யார் முன்னால் இருக்கிறாரோ அவர்தான் உண்மையில் முன்னால். அதற்கு முன் கண்ணுக்குத் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சரி, இதெல்லாம் கோடு சரியாக இருந்தால். ஒரு வருடம் அது சரியாக இல்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

அன்று பொதுத் திடலில் புல்லின் மேல் சுண்ணாம்பால் தடம் போட்டார்கள். ஒரு பக்கம் பெரிய சாக்கடை, இன்னொரு பக்கம் வேர் புடைத்த மரம். ஆறு தடத்துக்கு 1.22 வீதம் இடம் பற்றவில்லை. ஆகவே ஆளாளுக்கு ஒரு மீட்டர் என்று சுருக்கிவிட்டார்கள். அதில் குற்றமில்லை, பள்ளி அளவில் செய்வதுதான். ஆனால் தொடக்கக் கோடுகளுக்கு மட்டும் எப்போதும் கையில் இருக்கும் பழைய தாளைப் பார்த்து 7.04, 14.70 என்று போட்டுவிட்டார்கள். நான் காலையில் வந்து, எண்கள் எனக்குப் பழகிய எண்களாக இருந்ததால், தலையாட்டிவிட்டுப் போய்விட்டேன். தடத்தின் அகலத்தை அளக்கவில்லை.

முதல் சுற்றில் மூன்று ஓட்டம். மூன்றிலும் ஜெயித்தது ஐந்தாம் தடமோ ஆறாம் தடமோதான். முதல் ஓட்டத்தில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் உறுத்தியது. மூன்றாவதில் ஆறாம் தடத்துப் பையன் கடைசி நேர்ப்பாதைக்கு வரும்போதே ஏழெட்டு மீட்டர் முன்னால் வந்தான். அவன் அவ்வளவு வேகக்காரன் இல்லை என்பது பயிற்சியில் எனக்குத் தெரியும். வெளித்தடம் தொடர்ந்து ஜெயித்தால் பிள்ளைகளைச் சந்தேகப்படாதீர்கள், கோட்டைச் சந்தேகப்படுங்கள்.

அளவுநாடாவை எடுத்துத் தடத்தை அளந்தேன். ஒரு மீட்டர். இன்னொன்றும் கண்ணில் பட்டது: திடலில் விளிம்புக் கட்டை கிடையாது, முதல் தடத்துக்கும் வெறும் சுண்ணாம்புக் கோடுதான். கட்டை இல்லாவிட்டால் முதல் தடத்தையும் 20 சென்டிமீட்டர் தள்ளியே அளக்க வேண்டும். அப்போது கணக்கு இன்னும் சுலபம். ஒவ்வொரு தடமும் முந்தையதைவிடச் சரியாக ஒரு மீட்டர் வெளியே, அதனால் ஒவ்வொன்றுக்கும் 6.28 மீட்டர். இரண்டாம் தடத்துக்கு 6.28, மூன்றுக்கு 12.57, நான்குக்கு 18.85, ஐந்துக்கு 25.13, ஆறுக்கு 31.42. நாங்கள் ஆறாம் தடத்துக்குப் போட்டிருந்தது 37.70. அதாவது அந்தப் பையனுக்கு 6.28 மீட்டர் இலவசம். இரண்டாம் தடத்துக்கு இலவசம் 76 சென்டிமீட்டர்தான்.

மூன்றாவது ஓட்டத்தில் ஆறாம் தடம் இரண்டாம் தடத்தை ஜெயித்தது சுமார் நான்கு மீட்டரில். இருவருக்கும் கிடைத்த இலவசத்தில் வித்தியாசம் ஐந்தரை மீட்டர். நேர்மையான கோட்டில் இரண்டாம் தடத்துப் பையன் ஒன்றரை மீட்டரில் ஜெயித்திருப்பான். நானூறு மீட்டரை 62 விநாடியில் ஓடுகிற பையனுக்கு ஆறு மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு விநாடி. அதைக் கொண்டுபோய் ஒருவனுக்குச் சும்மா கொடுத்திருந்தோம்.

(உள்கோட்டையும் தாளில் உள்ள 36.50 ஆரத்திலேயே போட்டிருந்தார்கள். கட்டை இல்லாத திடலில் அப்படிப் போட்டால் ஒரு சுற்று 399.37 மீட்டர்தான் வரும். ஆனால் அந்தக் குறை எல்லாருக்கும் சமம் என்பதால் அதை அப்படியே விட்டோம். நேரத்தைச் சாதனையாக எழுதி வைப்பதாக இருந்தால் விடக் கூடாது.)

மதியம் கோடுகளை அழித்துவிட்டு மறுபடி போட்டோம். அங்கே இன்னொரு தப்பு நடக்கப் பார்த்தது. ஒரு இளம் ஆசிரியர் முடிவுக் கோட்டில் நாடாவின் முனையைப் பிடிக்க, இன்னொருவர் மறுமுனையோடு வளைவைக் குறுக்கே வெட்டி நேராக நடந்தார். அப்படி அளக்கக் கூடாது. தூரம் ஓடுகிறவரின் காலடியில் வளைந்து போகிறது, அதனால் நாடாவும் வளைந்தே போக வேண்டும். தடத்தின் உள்கோட்டு வெளியோரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு மீட்டருக்கு ஒரு குச்சி நட்டு, நாடாவைக் குச்சிகளை ஒட்டிப் படுக்க வைத்து அளந்தோம். முறையான திடலில் எட்டாம் தடத்துக்கு 53.03ஐ இழுத்துப் பிடித்த நாடாவில் நேராக அளந்தால், கோடு மூன்றரை மீட்டருக்கு மேல் முன்னால் போய் உட்காரும். உள்தடங்களில் பிழை சின்னது, வெளியே போகப் போகப் பெருகும். மறுபடி வெளித்தடத்துக்குத்தான் லாபம்.

முதல் சுற்றை மறுநாள் காலை திரும்ப ஓட வைத்தோம். ஏற்கெனவே ஜெயித்த பிள்ளைகளின் பெற்றோருக்குக் கோபம். நேரத்தில் கழித்துக் கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். முன்னால் ஒரு ஆள் தெரிகிறபோது ஓடுவதும், யாருமே தெரியாதபோது ஓடுவதும் ஒன்றல்ல, அதை எந்தக் கழித்தலாலும் சரிக்கட்ட முடியாது.

அந்த இரண்டாம் தடத்துப் பையனுக்கு மறுநாள் குலுக்கலில் ஆறாம் தடம் விழுந்தது. முகம் வாடி வந்து நின்றான்.

"சார், எனக்கு ஆறு வேணாம் சார். முன்னால நின்னா பின்னால வர்றவன் தெரிய மாட்டான்."

அவன் சொன்னதும் உண்மைதான். கோடு தூரத்தைத்தான் சமப்படுத்தும். வெளித்தடத்துக்காரர் கடைசி வளைவு வரை ஆளைப் பார்க்காமல் ஓட வேண்டும். முதல் தடத்துக்காரருக்கு எல்லோரும் தெரிவார்கள், ஆனால் அவருக்கு வளைவு இறுக்கமாக இருக்கும். அதற்கெல்லாம் 6.28இல் விடை இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேய்ட் வான் நீகெர்க் எட்டாம் தடத்திலிருந்து ஓடி 43.03 விநாடியில் உலக சாதனை செய்ததை அவனிடம் சொன்னேன்.

"அவருக்குப் பின்னால யாரு சார் வந்தா?"

"எல்லாரும்தான்டா."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆறாம் தடத்துக் கோட்டிலிருந்து முதல் தடத்துக் கோடு வரை வளைவின் ஓரமாகவே காலடி எண்ணி நடந்து பார்த்தான். அப்புறம் திரும்பிப் போய்த் தன் இடத்தில் நின்றான்.