ஹப்ல இறங்குன பாக்ஸ் ஏன் அங்கேயே நிக்குது?

ஃபார்வர்டிங் வேலையில நான் ரொம்ப அதிகமா கேட்ட கேள்வி இதுதான்: "நம்ம ஊர்லயே போர்ட் இருக்கு, போற இடத்துலயும் போர்ட் இருக்கு, அப்புறம் ஏன் சார் என் சரக்கை நடுவுல சிங்கப்பூர்ல இறக்கி ஏத்துறாங்க?" நியாயமான கேள்வி. கப்பல் கம்பெனியான லைன்காரங்க காசு மிச்சம் பிடிக்கத்தான்னு ஒரு வரியில முடிச்சுடலாம், ஆனா அந்தக் கணக்கு தெரியாம புக் பண்றவங்கதான் பெரும்பாலும் மாட்டிக்கிறாங்க.

கப்பல் பக்கத்துல இருந்து பாருங்க. இப்போ ஓடுற பெரிய மதர் வெசல் சுமார் 400 மீட்டர் நீளம், 24,000 டிஇயு வரைக்கும் ஏத்தும் (20 அடி பெட்டி ஒண்ணுதான் ஒரு டிஇயு, 40 அடின்னா ரெண்டு). ஃபுல் லோடுல அதுக்கு 16 மீட்டருக்கு மேல ஆழம் வேணும், அகலத்துல 24 வரிசை பெட்டி நிக்கிறதால அந்தக் கடைசி வரிசை வரைக்கும் கை நீட்டுற கிரேன் வேணும். இது இல்லாத போர்ட்டுக்கு அது வரவே முடியாது. ஆனா ஆழமும் கிரேனும் இருந்தாலே வந்துடும்னு நினைச்சீங்கன்னா அதுவும் தப்பு, விஷயம் நேரத்துல இருக்கு.

ஒரு சின்ன போர்ட்ல இறக்க 200 பாக்ஸ்தான் இருக்குன்னு வைங்க. ரெண்டு கிரேன், ஒவ்வொண்ணும் மணிக்கு 25 பாக்ஸ், 4 மணி நேரத்துல வேலை முடிஞ்சது. ஆனா மெயின் ரூட்ல இருந்து விலகி வந்து, பைலட் ஏறி, டக் படகு பிடிச்சு பெர்த்ல கட்டி, அவிழ்த்து, திரும்ப ரூட்டுக்குப் போறதுக்குள்ள ஒரு நாள் போயிடும். அதே கப்பல் சரக்கை கப்பல் மாத்துற பெரிய போர்ட்டான ஹப்ல நின்னா 6 கிரேன் சேர்ந்து மணிக்கு 150 பாக்ஸ், 27 மணி நேரத்துல 4,000 பாக்ஸுக்கு மேல கை மாறிடும். ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம், ஆனா ஒரு பக்கம் 200, இன்னொரு பக்கம் 4,000.

இதோட நிக்கல. லைன் விக்கிறது வாராவாரம் ஒரே கிழமையில கிளம்புற சர்வீஸை. சுத்தி வர 84 நாள் ஆகுற ரூட்ல வாரம் ஒரு கப்பல் விடணும்னா 12 கப்பல் வேணும். வழியில இந்த மாதிரி 7 சின்ன போர்ட் சேர்த்தா, போர்ட்டுக்கு ஒரு நாள் கணக்குல 91 நாள் ஆயிடும், அப்போ 13வது கப்பல் வேணும். அந்த 7 போர்ட்டும் குடுக்குற கொஞ்ச பாக்ஸுக்காக இவ்வளவு பெரிய கப்பல் ஒண்ணை யாரு போடுவா? அதனால மதர் ரெண்டு மூணு பெரிய இடத்துல மட்டும் நிக்கும், அங்கிருந்து மத்த ஊருக்கு ஃபீடர்னு சொல்ற சின்ன கப்பல் எடுத்துட்டுப் போகும். அதுதான் ஹப் அண்ட் ஸ்போக்.

ஏன் கொஞ்ச போர்ட்டுக்கே எல்லாம் போய்ச் சேருதுன்னா, ஹப் உண்மையில விக்கிறது கனெக்ஷனைத்தான். ஒரு இடத்துக்கு வாரத்துல ஒரே ஃபீடர் இருக்கிற போர்ட்ல அதைத் தவறவிட்டா 7 நாள் உட்காரணும், தினமும் ஃபீடர் இருக்கிற போர்ட்ல மறுநாளே போயிடலாம். அதனால லைன் எல்லாம் ஏற்கனவே கனெக்ஷன் அதிகமா இருக்கிற இடத்துக்கே வருது, வர வர அங்க கனெக்ஷன் இன்னும் கூடுது. சிங்கப்பூர் 2024ல 4.1 கோடி டிஇயுவுக்கு மேல கையாண்டுச்சு, அதுல பெரும்பகுதி அந்த ஊர் சரக்கே இல்ல, வேற கப்பலுக்கு மாறிப் போனது. (சைடுல ஒரு விஷயம்: டிரான்ஷிப்மென்ட் பாக்ஸை இறக்கும்போது ஒரு தடவை, ஏத்தும்போது ஒரு தடவைன்னு ரெண்டா எண்ணுவாங்க, போர்ட் ரேங்கிங் லிஸ்ட் பார்க்கும்போது இதை ஞாபகம் வச்சுக்கோங்க.)

ஆனா இந்தச் சரக்குக்கு அந்த ஊர் மேல பாசம் எதுவும் கிடையாது. 2000ல மேர்ஸ்க்ங்கிற பெரிய லைன் தன் டிரான்ஷிப்மென்ட் வேலையை சிங்கப்பூர்ல இருந்து ஜலசந்திக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலேசியாவோட தஞ்சோங் பெலப்பாஸுக்கு மாத்திடுச்சு, 2002ல எவர்கிரீன் லைனும் போச்சு. ஜப்பானோட கோபே போர்ட் கதை இன்னும் மோசம். 1995 ஜனவரி பூகம்பம் வரைக்கும் உலகத்தோட பெரிய கன்டெய்னர் போர்ட்கள்ல ஒண்ணு அது, பெர்த் எல்லாம் உடைஞ்சு ரிப்பேர் ஆகிட்டு இருந்த நேரத்துல டிரான்ஷிப்மென்ட் சரக்கு தென்கொரியாவோட பூசான் பக்கம் போச்சு, ரிப்பேர் முடிஞ்சும் அதுல பெரும்பகுதி திரும்பி வரல. அந்த ஊர் ஃபேக்டரி சரக்கு திரும்பி வந்துடும், வழிப்போக்கு சரக்கு எதுக்கு வரணும்?

சரி, இப்போ உங்க பாக்ஸ். என் கிளையன்ட் ஒருத்தரோட 3 பாக்ஸ், டிரான்ஸிட் 22 நாள்னு சொல்லி புக் ஆனது. மதர் ஹப்புக்கு செவ்வாய் வரணும், ஃபீடர் வெள்ளி கிளம்பும். மூணு நாள் கேப் இருக்கேன்னு நானும் பேசாம இருந்துட்டேன், தப்பு என் மேலதான். முன்னாடி போர்ட்ல பெர்த் கிடைக்காம மதர் லேட் ஆகி வியாழன் ராத்திரிதான் வந்துச்சு. ஃபீடருக்கான லோட் லிஸ்ட் அதுக்கு முன்னாடியே க்ளோஸ். பாக்ஸ் யார்டுல இறங்குச்சு, ஃபீடர் கிளம்பிடுச்சு. அடுத்த வெள்ளி ஃபீடர்ல இடம் இல்ல, ஏன்னா அதே மதர்ல வந்து மிஸ் ஆன மத்தவங்க பாக்ஸ் எல்லாமும் அதே ஃபீடருக்குத்தான் நின்னுச்சு. அதுக்கும் அடுத்த வெள்ளிதான் ஏறுச்சு. மதர் லேட் ஆனது ரெண்டு நாள், சரக்கு லேட் ஆனது 14 நாள்.

இதுல கடுப்பு என்னன்னா, டிராக்கிங்ல முதல் நாலு நாள் பழைய வர்ற தேதியையே காட்டிட்டு இருந்துச்சு. அதனால அந்தத் தேதியைப் பார்க்காதீங்க, ரெண்டாவது கப்பலோட பேரையும் வாயேஜ் நம்பரையும் பாருங்க. ஹப்ல இறக்கியாச்சுன்னு வந்த பிறகு அந்த நம்பர் மாறுனாலோ, இல்ல அந்த ஃபீடர் கிளம்பின தேதி தாண்டியும் ஏத்தியாச்சுங்கிற என்ட்ரி வரலைன்னாலோ பாக்ஸ் ரோல் ஆயிடுச்சுன்னு, அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். அன்னிக்கே லைனுக்கு மெயில் போட்டு அடுத்த ஃபீடர்ல கன்ஃபர்ம் ஆன இடம் கேளுங்க, யார்டுல அதே ஃபீடருக்கு நிக்கிற பாக்ஸ் உங்களது மட்டும் இல்ல. அதுக்காக நஷ்ட ஈடு கிடைக்கும்னு நம்பிடாதீங்க, லைன்களோட பில் ஆஃப் லேடிங் கண்டிஷன்ல வந்து சேர்ற தேதிக்குப் பொதுவா கேரன்டி இருக்காது.

அந்த கிளையன்டுக்கு அடுத்த தடவை ரெண்டு ஆப்ஷன் வந்துச்சு. ஒண்ணு பழையபடி 22 நாள், வாரம் ஒரு ஃபீடர். இன்னொண்ணு 25 நாள், வேற ஹப், ஆனா அங்கிருந்து வாரத்துல மூணு ஃபீடர். ரேட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முன்னாடின்னா யோசிக்காம 22ஐ எடுத்திருப்பார், இந்தத் தடவை அவரே, "மிஸ் ஆனா அடுத்தது எப்போ சார்?"னு கேட்டுட்டு 25ஐ புக் பண்ணச் சொன்னார்.