பழைய பிஓஎம் எங்கே ஒளிந்திருக்கும்?

கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலையில், வயலுக்குப் போகும் மோனோபிளாக் பம்ப் ஒன்றில், சுழலும் தண்டு வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்ற வேண்டி வந்தது. மணல் கலந்த தண்ணீரில் பழைய சீலின் கார்பன் முகம் சீக்கிரம் தேய்ந்தது. புதிய சீலில் ஒன்றோடொன்று உரசும் இரண்டு முகங்களும் சிலிக்கான் கார்பைடு. ஆனால் அதன் உயரம் 3 மில்லிமீட்டர் அதிகம். சீலின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிப்பது, தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரின் கழுத்துப் பகுதி. அதனால் அந்தக் கழுத்தையும் 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும்.

இரண்டும் சேர்ந்து மாறினால் பிரச்சனை இல்லை. ஒன்று மட்டும் மாறினால்? பழைய சீலோடு புதிய இம்பெல்லர் போனால் ஸ்பிரிங் தளர்ந்து, டெஸ்ட் பெஞ்சிலேயே தண்ணீர் கசியும். கண்டுபிடித்துவிடலாம். புதிய சீலோடு பழைய இம்பெல்லர் போனால்தான் ஆபத்து. ஸ்பிரிங் அளவுக்கு மீறி அழுந்தியிருக்கும், ஒரு சொட்டுக் கூடக் கசியாது, டெஸ்ட்டில் பாஸ் ஆகும். அப்புறம் வயலில் ஓட ஓட முகம் சூடேறி, சில மாதங்களில் சீல் போய்விடும். இதற்கு முன் இதே மாதிரி ஒரு மாற்றத்தில் எங்களிடம் சில பம்புகள் அப்படித் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் இம்பெல்லர் பழையது. கம்ப்யூட்டரில் இருந்த பிஓஎம்-மிலோ, அதாவது ஒரு பம்புக்கு எந்தெந்த உதிரி எத்தனை என்று சொல்லும் பட்டியலில், புதிய இம்பெல்லர் சரியாகவே இருந்தது.

பட்டியல் சரி, பம்ப் தவறு. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஷாப் ஃப்ளோரில் யாரும் பிஓஎம்-மைப் பார்த்து வேலை செய்வதில்லை, அதன் நகலைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். ஒர்க் ஆர்டர் போடும் நொடியில், தொழிற்சாலையின் இருப்பையும் ஆர்டரையும் நடத்தும் பெரும்பாலான ஈஆர்பி மென்பொருள்கள் அன்றைய பிஓஎம்-மை அந்த ஆர்டருக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்கின்றன. நாளை மூலப் பட்டியலைத் திருத்தினாலும் நேற்றுப் போட்ட ஆர்டர் தானாக மாறாது. இது பிழையில்லை, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பாதி கட்டிய பம்பின் பட்டியல் நடுவில் மாறினால் ஸ்டோர்ஸ் கணக்கு குலைந்துவிடும். அந்த ஆர்டரிலிருந்து இன்னொரு நகல், எதை எடுத்துக் கொடுப்பது என்று சொல்லும் பிக் லிஸ்ட்டாக ஸ்டோர்ஸுக்குப் போகிறது. அந்த லிஸ்ட் டிராலியில் அடுக்கிய பொருளாக மாறுகிறது. தூணில் ஒட்டிய வரைபடம் ஒரு நகல், சீனியர் ஃபிட்டரின் நினைவு இன்னொரு நகல்.

ஆகவே ஈசிஎன் எனப்படும் மாற்ற அறிவிப்பின் உண்மையான வேலை பிஓஎம்-மில் ஒரு வரியைத் திருத்துவதோடு முடிவதில்லை. ஏற்கனவே வெளியே போய்விட்ட நகல்கள் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, இதை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

முதல் முடிவு, எண் பற்றியது. பழைய இம்பெல்லர் 4412. புதியதை 4412-இன் அடுத்த ரிவிஷன் என்று விடுவதா, 4587 என்று புது எண் கொடுப்பதா? பழையது இருந்த எல்லா இடத்திலும் புதியதைத் தயங்காமல் போடலாம், புதியதன் இடத்தில் பழையதையும் போடலாம் என்றால் ரிவிஷன் போதும். இல்லையென்றால் புது எண். ஸ்டோர்ஸில் உதிரி போட்டு வைக்கும் பின் என்ற பெட்டியும் பார்கோடும் பார்ப்பது எண்ணைத்தான், பல இடங்களில் ரிவிஷன் எழுத்தைப் பார்ப்பதில்லை. இந்த விதியை மீறியதன் விலையை ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கில் உலகம் பார்த்தது. இக்னிஷன் சுவிட்சின் உள்ளே இருந்த பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் மாற்ற 2006-இல் ஒப்புதல் தரப்பட்டது, பாகத்தின் எண் மட்டும் மாறவில்லை. பழைய கார்களில் மட்டும் ஏன் சாவி தானாக நழுவி எஞ்சின் அணைகிறது என்று விசாரித்தவர்களுக்குப் பல ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை, காகிதத்தில் இரண்டும் ஒரே சுவிட்ச். கடைசியில் பாதிக்கப்பட்ட குடும்பம் ஒன்றுக்காக வேலை செய்த பொறியாளர் இரண்டையும் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

அடுத்த முடிவு, எப்போதிலிருந்து என்பது. “ஜூன் 1 முதல்” என்று தேதி போடுவது சுலபம். ஆனால் சீல் லாரி ஜூன் 4-இல் வந்தால் நடுவில் மூன்று நாள் லைன் நிற்கும், அல்லது கையில் இருப்பதை வைத்துச் சமாளிப்பார்கள். நாங்கள் சீரியல் எண்ணோடு கட்டினோம். 24060 வரை பழைய ஜோடி, 24061 முதல் புதிய ஜோடி. புதிய சீல் வந்து, சோதனையில் தேறி, ஸ்டோர்ஸில் ஏறிய பிறகுதான் ஈசிஎன் செயலுக்கு வரும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஐந்து வருடம் கழித்து ஒரு டீலர் உதிரி கேட்டால், பெயர்ப்பலகையில் இருக்கும் சீரியலைச் சொன்னாலே எந்த ஜோடி என்று தெரிந்துவிடும்.

அன்று மூன்று ஆர்டர்கள் திறந்திருந்தன. முதல் ஆர்டரில் 60 பம்புகள், அதில் 24 கட்டி முடிந்திருந்தன. மீதிக்கும் பழைய இம்பெல்லர், பழைய சீல் இரண்டும் லைனிலேயே இருந்ததால் அப்படியே முடிக்கச் சொன்னோம். அதன் கடைசிப் பம்ப்தான் 24060. இரண்டாவது ஆர்டருக்குப் பொருள் டிராலியில் ஏறிவிட்டது, யாரும் இன்னும் தொடவில்லை. டிராலியை ஸ்டோர்ஸுக்குத் திருப்பி, ஆர்டரை ரத்து செய்து, புதிய பிஓஎம்-மில் மறுபடி போட்டோம். மூன்றாவது ஆர்டர் கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது, பட்டியலை மீண்டும் வாசிக்க வைத்தால் போதுமாக இருந்தது. நான் பார்த்தவரை தவறு நடப்பது எப்போதும் இரண்டாவது வகையில்தான். டிராலியைத் திருப்புவது வீண் வேலை என்று தோன்றும், “சீலை மட்டும் மாத்திடுங்க” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வார்த்தையில் ஆபத்தான ஜோடி பிறந்துவிடும்.

பழைய இருப்பு 340 இம்பெல்லர். கழுத்து நீளமாக இருப்பதால் லேத்தில் 3 மில்லிமீட்டர் சீவினால் புதியது ஆகிவிடும். அதற்கென்று ஒரு ரீவொர்க் ஆர்டர் போட்டோம், 4412 உள்ளே போய் 4587 ஆக வெளியே வரும். அதே செட்டிங்கிலேயே கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய வரிப்பள்ளமும் போடச் சொன்னோம், இனி வார்ப்பில் வருவதற்கும் அதே அடையாளம். பழைய சீல்களை ஸ்கிராப் செய்யவில்லை, வெளியே ஓடிக்கொண்டிருக்கும் பம்புகளுக்கு அவை வேண்டும். ஆனால் உற்பத்தி ஸ்டோர்ஸிலிருந்து எடுத்து, சர்வீஸ் உதிரி அறையில் பூட்டி வைத்தோம்.

லைனில் ஸ்கேனர் வைத்தோம். பின்னின் லேபிளை ஸ்கேன் செய்தால், அந்த சீரியலின் ஆர்டரில் அந்த எண் இருந்தால்தான் அடுத்த வேலை திறக்கும். தூணில் இருந்த வரைபடங்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஆர்டரோடும் அதற்கான படத்தை அச்சிட்டு அனுப்பினோம், வேலை முடிந்ததும் அது ஆர்டரோடு திரும்பி வர வேண்டும். ஆனால் ஸ்கேனர் பார்ப்பது லேபிளை, பொருளை அல்ல. 4587 என்ற பின்னுக்குள் நாலு 4412 விழுந்து கிடந்தால் பச்சை விளக்குதான் எரியும். அதற்காகத்தான் அந்த வரிப்பள்ளம். ஃபிட்டர் கையில் எடுக்கும்போதே விரல் அதைத் தடவிப் பார்த்துவிடும்.

24061-ஐக் கட்டியதும் அதைப் பிரித்து, ஸ்பிரிங் அழுந்திய நீளத்தை அளந்தோம். சரியாக இருந்தது. ஆனாலும் ஈசிஎன்-னை மூடவில்லை. ரீவொர்க் ஆர்டரில் லேத்திலிருந்து வந்தவை 338, இருப்பில் காட்டியது 340. இரண்டு நாள் தேடினோம். ஒன்று ரிப்பேர் பெஞ்சின் டிராயரில் கிடைத்தது. இன்னொன்றை டிசைன் ஆபீஸில், பழைய வரைபடக் கட்டின் மேல், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்தார்கள்.