நிலம் ஓரிடம், நீங்கள் ஓரிடம்: சிவில் வழக்கை எங்கே, எவ்வளவு கட்டணத்தில் போடுவது?

தாம்பரத்தில் குடியிருக்கும் ஒருவருக்குக் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் 60 சென்ட் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலேயே வசிக்கும் பங்காளி ஒருவர், "அது எங்கள் பாட்டன் சொத்து" என்று உரிமை கொண்டாடுகிறார். இருவரும் சென்னைக்காரர்கள், பத்திரமும் சென்னையில் இருக்கிறது. அதனால் வழக்கைச் செங்கல்பட்டிலோ சென்னையிலோ போட்டுவிடலாம் என்றுதான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது.

அது நடக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவின்படி, அசையாச் சொத்தின் உரிமையோ சுவாதீனமோ பற்றிய வழக்கு அந்தச் சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பிரதிவாதி வசிக்கும் ஊர், வழக்கு மூலம் எழுந்த ஊர் என்று 20-வது பிரிவு தரும் வசதியெல்லாம் கடன் பாக்கி போன்ற மற்ற வழக்குகளுக்கு உரியது.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால்கூட இது மாறாது. குர்கானில் இருந்த மனை ஒன்றுக்கான ஒப்பந்தம் டெல்லியில் கையெழுத்தானது, பணமும் அங்கேதான் கட்டப்பட்டது. தகராறு வந்தால் டெல்லி நீதிமன்றமே விசாரிக்கும் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. மனையை வாங்கியவர் 1988-இல் டெல்லியில் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு முதலில் அதிகார வரம்பை ஒப்புக்கொண்டு, சுமார் எட்டு ஆண்டு கழித்துத்தான் ஆட்சேபித்தது. ஆனாலும் நிலம் டெல்லியில் இல்லை என்பதால் பிராதைத் திருப்பிக் கொடுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தது. பிரதிவாதி வாய் திறக்கவில்லை என்பதை நம்பி இருந்துவிட முடியாது.

சரி, கும்பகோணம் பக்கம் என்றால் எந்த நீதிமன்றம்? நீதிமன்ற எல்லையும் சார்பதிவாளர் அலுவலக எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே பத்திரம் பதிந்த ஊரை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டாவில் உள்ள கிராமப் பெயரையும் வட்டத்தையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கிராமம் எந்த நீதிமன்ற எல்லையில் வருகிறது என்று நீதிமன்ற அலுவலகத்திலேயே கேட்பது நல்லது. புது மாவட்டம், புது வட்டம் பிரிந்த இடங்களில் இந்த ஒரு கேள்வி நிறைய அலைச்சலைத் தவிர்க்கும்.

அடுத்தது மதிப்பீடு. சொத்தின் விலை மட்டுமல்ல, என்ன பரிகாரம் கேட்கிறோம் என்பதும் கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்கு மதிப்பீட்டுச் சட்டம், 1955 அப்படித்தான் அமைந்திருக்கிறது. சந்தை மதிப்பைப் பிராது தாக்கல் செய்யும் நாளை வைத்துக் கணக்கிட வேண்டும், கிரயம் வாங்கிய நாளை வைத்து அல்ல. பத்திரப் பதிவுத்துறையின் tnreginet.gov.in தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். அது இறுதி மதிப்பு அல்ல என்றாலும் தொடங்குவதற்குப் போதும்.

நம் உதாரணத்தில் சென்ட் ஒன்று 40,000 ரூபாய் என்றால் நிலத்தின் மதிப்பு 24 லட்சம். நிலம் இன்னும் வாதியின் அனுபவத்தில் இருக்கிறது, பங்காளி உரிமையை மட்டும் மறுக்கிறார் என்றால், நிலம் தனக்கே உரியது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும், தொடர்ந்து பங்காளி தலையிடாமல் தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளையும் கேட்க வேண்டும். அது அந்தக் கட்டணச் சட்டத்தின் 25(ஆ) பிரிவில் வரும், சந்தை மதிப்பில் பாதியான 12 லட்சம்தான் வழக்கு மதிப்பு. 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து குறைக்கப்பட்ட 3 சதவீத விகிதத்தில் கட்டணம் 36,000 ரூபாய் ஆகிறது. பங்காளி ஏற்கெனவே வேலி போட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டார் என்றால், விளம்புகையோடு சுவாதீனமும் கேட்டாக வேண்டும். அது 25(அ), முழு மதிப்பு 24 லட்சம், கட்டணம் 72,000.

இங்கேதான் ஆசை குறுக்கே வருகிறது. வெறும் உறுத்துக்கட்டளை மட்டும் கேட்டால் வாதி தானே ஒரு சிறு மதிப்பைப் போட்டுச் சொற்பக் கட்டணத்தில் முடித்துவிடலாம். உரிமையில் தகராறே இல்லாமல் வரப்பில் தொல்லை மட்டும் என்றால் அது நியாயமானதும்கூட. ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அறிவிப்பிலேயே உரிமையை மறுத்திருந்தால் அந்தச் சிக்கனம் நிற்காது. நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய எழுவினாவாக உரிமை எழுந்தாலே 27(அ) பிரிவின்படி பாதிச் சந்தை மதிப்புக்குக் கட்டணம் வந்துவிடும். அதைவிட மோசம், உரிமையின் மேல் நிழல் விழுந்தபின் விளம்புகை கேட்காத வழக்கு அந்தக் காரணத்தாலேயே தோற்கலாம்.

மதிப்பீடு இன்னொன்றையும் முடிவு செய்கிறது: மாவட்ட முன்சீப் நீதிமன்றமா, சார்பு நீதிமன்றமா, மாவட்ட நீதிமன்றமா? விசாரிக்கத் தகுதியுள்ளவற்றில் மிகக் கீழ்ப்படியில் உள்ள நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15-வது பிரிவு. நிலம் வாதியின் அனுபவத்திலேயே இருந்தால், பார்க்க வேண்டிய தொகை 24 லட்சமல்ல, வழக்கு மதிப்பான 12 லட்சம். பண வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், தாக்கல் செய்யும் வாரத்தில் நடப்பில் உள்ள வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் குறைந்திருந்தால் பெரும்பாலும் மீதியைக் கட்ட நீதிமன்றம் அவகாசம் தரும், அதற்குள் கட்டாவிட்டால்தான் பிராது நிராகரிக்கப்படும். இடம் தவறினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 10-இன்படி பிராது திரும்பி வரும், கட்டிய கட்டணம் வீணாகாது. ஆனால் சரியான நீதிமன்றத்தில் விசாரணை முதலிலிருந்து தொடங்கும். தவறான இடத்தில் கழிந்த காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 14-வது பிரிவின்கீழ் கழித்துக்கொள்ள, நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும்தான் வழக்கு நடத்தினோம் என்று வாதி காட்ட வேண்டும். நிலம் கும்பகோணத்தில் இருப்பதாகப் பிராதின் சொத்து விவரத்திலேயே எழுதிவிட்டுச் சென்னையில் தாக்கல் செய்தவருக்கு அதைக் காட்டுவது கடினம்.