நான்கு ஊர்ப் படங்கள், ஒரே வெளிச்சம்: ஆல்பம் அட்டை செய்யும் முன் இசைக்குழுவினர் கவனிக்க வேண்டியவை

இசைக்குழுவில் இருப்பவர்கள் ஆளுக்கொரு ஊரில் வாழ்கிறார்கள். பாடல்களையும் தனித்தனியாகவே பதிவு செய்து இணைக்கிறார்கள். அட்டைப் படம் வேண்டும் என்றால் ஒவ்வொருவரும் தன்னிடம் இருப்பதிலேயே தான் நன்றாகத் தெரியும் படத்தை அனுப்பிவிட்டு, "எல்லோரும் ஒன்றாக நிற்பது போல் செய்துவிடுங்கள்" என்கிறார்கள். செய்ய முடியும். ஆனால் பெரும்பாலான அட்டைகளில் அது வெட்டி ஒட்டியது போலவே தெரிகிறது. பிறகு எல்லாவற்றுக்கும் மேல் நீலமோ ஆரஞ்சோ ஒரு வண்ண ஃபில்டரைப் பூசி மறைக்கப் பார்க்கிறார்கள். ஃபில்டர் நிறத்தை மாற்றும்; நிழல் விழும் திசையை மாற்றாது. பார்ப்பவர் கண்ணை முதலில் உறுத்துவது நிழல்தான்.

ஒரு குழுவின் அட்டையைச் செய்த விதத்தையே இங்கே விளக்குகிறேன். பாடகி சென்னை, கிதார் பெங்களூரு, வயலின் சிங்கப்பூர், மிருதங்கம் கோவை. பாடகியின் படம் ஸ்டுடியோவில் எடுத்தது. கிதார் கலைஞருடையது மேடைப் படம், முகம் முழுக்க ஊதா விளக்கு. வயலின் கலைஞர் கையை நீட்டித் தானே எடுத்த செல்ஃபி. மிருதங்கக் கலைஞர் மொட்டை மாடியில், உச்சி வெயிலில்.

இப்படி வரும்போது முதலில் ஒரு படத்தை மூலப்படமாக வைத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கு இணங்கச் செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி நடுவில் சந்திக்க வைத்தால் நான்கும் கெடும். நான் எடுத்துக்கொண்டது பாடகியின் படம். அதில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணிலேயே படிக்கலாம். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு கருவிழிகளிலும் ஒரு வெள்ளைச் சதுரம் பளிச்சிடுகிறது, கடிகாரத்தின் பத்து மணி இருக்கும் இடத்தில். அதாவது படத்தின் இடது மேல் பக்கத்திலிருந்து ஒரு பெரிய சதுர விளக்கு. மூக்கின் நிழல் வலப்புறமாகக் கீழே சாய்கிறது. அந்த நிழலின் ஓரம் கூர்மையாக இல்லை, மெல்லக் கரைகிறது; விளக்கு பெரியது, அருகில் இருந்தது என்று பொருள்.

மற்ற மூன்று படங்களையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ஊதா மேடை விளக்கில் சிவப்பும் நீலமும் மட்டுமே இருக்கும். படத்தின் பச்சை வண்ணப் பகுதியைத் தனியாகத் திறந்தால் முகம் ஏறக்குறைய கறுப்பு. தோலின் உண்மையான நிறம் அங்கே பதிவாகவே இல்லை. பதிவாகாததைத் திருத்திக் கொண்டுவர முடியாது. அட்டை முழுவதும் கறுப்பு வெள்ளை என்றால் மட்டும் அத்தகைய படத்தைக் காப்பாற்றலாம். செல்ஃபியின் சிக்கல் வேறு. இரண்டு அடி தூரத்திலிருந்து எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கும். முகத்தின் அமைப்பைத் தீர்மானிப்பது கேமராவுக்கும் ஆளுக்கும் உள்ள தூரம். எடுத்த பிறகு எவ்வளவு வெட்டிச் சுருக்கினாலும் அது மாறாது.

மிருதங்கக் கலைஞரின் படத்தில் வெயில் வலப்பக்கமிருந்து வந்தது. "கண்ணாடியில் தெரிவது போல் திருப்பிப் போட்டால் வெளிச்சம் இடப்பக்கம் வந்துவிடுமே" என்று குழுவில் ஒருவர் கேட்டார். வந்துவிடும், ஆனால் மிருதங்கமும் திரும்பிவிடும். கறுப்புச் சாதம் பூசிய வலந்தலை என்ற முகம் அவரது இடது கைப் பக்கம் போய், தொப்பி எனப்படும் மறுமுகம் வலது கைக்கு வரும். வலது கைக்காரர் இடது கைக்காரர் ஆகிவிடுவார். மிருதங்கம் தெரிந்த எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். வயலினைத் திருப்பினால் வில் இடது கையில் இருக்கும். இசைக்கலைஞர்களின் படத்தைத் திருப்பக் கூடாது என்பதை வடிவமைப்பாளர்கள் விதியாகவே வைத்துக்கொள்ளலாம். அதுவும் போக, உச்சி வெயிலின் நிழல் கத்தி வெட்டியது போலக் கூர்மையானது; பாடகியின் மென்மையான நிழலோடு அது எந்தப் பக்கம் திருப்பினாலும் சேராது.

ஆகவே மூவரையும் மறுபடி படமெடுக்கச் சொன்னேன். ஸ்டுடியோ தேவையில்லை. கைப்பேசியும் ஜன்னலும் போதும், சொல்வதைத் துல்லியமாகச் சொன்னால்.

ஜன்னல் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கட்டும், படமெடுப்பவருக்கு அது இடப்பக்கம் என்று எழுதி அனுப்பினேன். வெறுமனே "இடப்பக்கம்" என்றால் பாதிப் பேர் தங்கள் இடது கைப் பக்கத்தை எடுத்துக்கொள்வார்கள். நேர் வெயில் விழாத ஜன்னல், அதிலிருந்து மூன்று அடி தள்ளி. ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கருமையான போர்வையால் மூடச் சொன்னேன்; அப்போதுதான் வெளிச்சம் பக்கவாட்டில் மட்டுமன்றிச் சற்று மேலிருந்தும் வரும், பாடகியின் ஸ்டுடியோ விளக்கைப் போல. அறையின் எல்லா விளக்குகளையும் அணைக்க வேண்டும். கேமரா எட்டு அடி தூரத்தில், கைப்பேசியில் 2x வைத்து. எட்டு அடி என்பது பாடகியின் படத்தை எடுத்த ஸ்டுடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்ட தூரம். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியும், முகத்தை மெருகேற்றும் வசதியும் வேண்டாம். முன்னது முடியின் ஓரங்களைத் தின்றுவிடும், பின்னது தோலை மெழுகாக்கிவிடும்.

கேமராவின் உயரம் தரையிலிருந்து நான்கு அடி என்று எல்லோருக்கும் ஒன்றே. இதில்தான் நல்ல புகைப்படக்காரர்களும் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஒவ்வொருவரையும் அவரவர் கண் மட்டத்தில் எடுத்தால் ஐந்தடிக்காரரும் ஆறடிக்காரரும் அவரவர் கண் மட்டத்திலேயே பார்க்கப்பட்டிருப்பார்கள். ஒரே தரையில் ஒரே கேமராவின் முன் நின்றவர்களுக்கு அப்படி அமையாது. உட்கார்ந்து வாசிக்கும் மிருதங்கக் கலைஞருக்காகக் கேமராவைத் தாழ்த்தத் தோன்றும். தாழ்த்தக் கூடாது. நிற்பவர்களோடு சேர்ந்து அவர் அமர்ந்திருந்தால் கேமரா அவரைச் சற்று மேலிருந்துதானே பார்த்திருக்கும்?

கடைசியாக, ஒரு படத்தில் மட்டும் முகத்தருகே ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு வெள்ளை முட்டையையும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தாள் அந்த அறையின் வெள்ளை எது என்று காட்டும். முட்டையின் மேல் வெளிச்சம் எங்கே தொடங்கி எங்கே இருட்டாகிறது என்பது, முகத்தில் மீசையும் முடியும் மறைக்கும் விஷயத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும், இல்லையென்றால் சுருங்கி வரும்.

படங்கள் வந்தன. மூன்றும் நன்றாக இருந்தன, சிங்கப்பூர்ப் படத்தில் ஒரு குறையைத் தவிர. பக்கத்து அறையின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. முகத்தின் ஜன்னல் பக்கம் சரியான நிறம், நிழல் பக்கம் மஞ்சள். மொத்தப் படத்தின் வண்ணச் சமநிலையை மாற்றினால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் நீலமாகிவிடும். நிழல் பக்கத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு மஞ்சளைக் குறைத்தேன்.

இணைக்கும் வேலையில் நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வேன். முதலில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரை வைத்து, வெளிச்ச அளவை மட்டும் பார்த்துச் சரிசெய்வேன். நால்வரும் கறுப்புச் சட்டை. பாடகியின் சட்டை மடிப்பின் மிக ஆழமான இடத்தில் வண்ண அளவு சிவப்பு 14, பச்சை 15, நீலம் 20. கிதார் கலைஞருக்கு அதே இடத்தில் 32, 24, 22. அதாவது அவருடைய கறுப்பு வெளிறியும் செம்மையேறியும் இருக்கிறது. வெளிச்ச அளவைத் திருத்தும் கர்வ்ஸ் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் கீழ் முனையையும் தனியாக நகர்த்தி மூலப்படத்தின் எண்களுக்கு அருகில் கொண்டுவந்ததும், அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்த ஆள் சட்டென்று அந்த இடத்தில் நிற்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பொருத்த வேண்டியது வெளிச்சத்தை, தோல் நிறத்தை அல்ல. "அவர் கொஞ்சம் கறுப்பாகத் தெரிகிறார், மற்றவர்களைப் போல் ஆக்குங்கள்" என்ற கோரிக்கை எனக்கு அடிக்கடி வருகிறது. நான் மறுத்துவிடுவேன். வெள்ளைத் தாளும் கறுப்புச் சட்டையும் நான்கு படங்களிலும் ஒரே அளவுக்கு வந்துவிட்டால், அதன் பிறகு தெரியும் நிறம்தான் அவர். அதற்கு மேல் வெளுத்தால் ஆளுக்குச் செய்யும் அவமரியாதை. படமும் கெடும், கன்னம் வெளுத்துக் கழுத்தும் கைகளும் பழைய நிறத்தில் நின்று காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, ஒருவர் மேல் ஒருவருடைய நிழல். ஒன்றாக நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் வெளிச்சத்தை மறைப்பார்கள். இந்த அட்டையில் கிதார் கலைஞர் இடது ஓரத்தில், விளக்குக்கு மிக அருகில். அவருடைய நிழல், பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும் பாடகியின் தோளில் லேசாகவாவது விழுந்தாக வேண்டும். கீழே உள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் மென்மையான பிரஷ்ஷால், இருபது சதவீத அளவில், அவர்கள் உடல் ஒன்றன்மேல் ஒன்று படியும் கோட்டை ஒட்டித் தீட்டினேன். பின்சுவர் அடர்நீலம் என்பதால் எல்லோருடைய நிழல் பகுதியிலும் அந்த நீலத்தைச் சிறிது கலந்தேன். இந்த இரண்டையும் செய்யாத அட்டைகளில் ஆட்கள் அட்டைப்பலகையில் வெட்டி நிறுத்தியவர்கள் போல இருப்பார்கள்.

கடைசி வேலை, படத்தின் பொடிமணி, அதாவது கிரெய்ன் எனப்படும் நுண்புள்ளிகள். ஸ்டுடியோ கேமரா வழவழப்பாக எடுக்கும், கைப்பேசி வேறு மாதிரி. முழு அட்டைக்கும் மேலே ஒரே அளவு பொடிமணியைத் தூவினால் அந்த வேறுபாடு அடங்கிவிடும். இதற்குப் பிறகு எந்த ஒருவரையும் தனியாகப் பெரிதாக்கவோ கூர்மையாக்கவோ கூடாது. இணையத் தளங்களுக்கு 3000 x 3000 பிக்சல் சதுரமாக எடுத்துவிட்டு, அதையே 300 பிக்சலுக்குச் சுருக்கியும் பாருங்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் அந்த அளவில்தான் பார்க்கப்போகிறார்கள். யாராவது ஒருவர் மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு தெரிந்தால், அவருடைய வெளிச்ச அளவு இன்னும் மற்றவர்களோடு சேரவில்லை.

சில நேரம் மறுபடி எடுக்கவே வழியிருக்காது. அப்போது ஒன்றாக நிற்பது போல் காட்டும் முயற்சியைக் கைவிடச் சொல்வேன். பீட்டில்ஸ் குழுவின் 'வித் தி பீட்டில்ஸ்' (1963) அட்டையில் நால்வரும் உண்மையிலேயே ஒன்றாக, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், புகைப்படக்காரர் ராபர்ட் ஃப்ரீமன் முன் நின்றார்கள். அதே குழுவின் 'லெட் இட் பி' (1970) அட்டையோ கறுப்புப் பின்னணியில் நான்கு தனிக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு முகம். கட்டம் போட்டுவிட்டால் வெளிச்சம் ஒரே திசையில் இருக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. முகங்களின் அளவையும், கண்கள் அமையும் கோட்டையும், கறுப்பின் ஆழத்தையும் நான்கு கட்டங்களிலும் ஒன்றாக வைத்தால் போதும். அந்த மேடைப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கி அங்கே பயன்படுத்திக்கொள்ளலாம்.