முக்கோணக் கணக்கும் ஒற்றை அரேயும்: மாதிரி விடையை நம்பி ஏமாறும் இடம்

நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் பல வருடங்களாகக் கேட்டுவரும் கணக்கு ஒன்று இருக்கிறது. எண்களை முக்கோணமாக அடுக்கித் தருவேன். முதல் வரியில் ஓர் எண், இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாம் வரியில் மூன்று. உச்சியில் தொடங்கி, வரிக்கு ஓர் எண் வீதம் தொட்டுக்கொண்டே அடிவரை இறங்க வேண்டும். நிற்கிற இடத்துக்குச் சற்றே இடப்பக்கம் கீழே ஓர் எண், வலப்பக்கம் கீழே ஓர் எண். அந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் போகலாம். தொட்ட எண்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி.

லீட்கோட் தளத்தில் 120-ஆம் கணக்கு இது. அங்கே தரப்பட்டிருக்கும் மாதிரி, தயாராகி வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம்:

```
   2
  3 4
 6 5 7
4 1 8 3
```

விடை 11. 2, 3, 5, 1 என்று இறங்கினால் வரும்.

ஒருமுறை ஒரு தம்பி மூன்றே நிமிடத்தில் நிரலை எழுதி முடித்துவிட்டார். "சார், 11 வந்துடுச்சு சார்" என்றார். அவர் எழுதியது இதுதான்: நிற்கிற இடத்துக்குக் கீழே உள்ள இரண்டு எண்களில் எது சிறியதோ அதற்குப் போ. 3, 4 இரண்டில் 3. 6, 5 இரண்டில் 5. 1, 8 இரண்டில் 1. கூட்டினால் 11. சரிதானே?

விடை சரி, முறை தவறு. அந்தப் புகழ்பெற்ற மாதிரியில், அப்போதைக்குச் சிறியதை மட்டும் பார்த்துப் போகும் இந்தப் பேராசை முறையும் சரியான முறையும் ஒரே பாதையில் போய்விடுகின்றன. அதனால் அந்த மாதிரியால் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்க முடியாது. அன்றிலிருந்து நான் வேறொரு முக்கோணத்தைக் கையில் வைத்திருக்கிறேன்:

```
   3
  2 6
 9 8 1
7 4 5 2
```

அந்தத் தம்பியின் முறைப்படி 3, 2, 8, 4 என்று இறங்கி 17 வரும். ஆனால் 3, 6, 1, 2 என்று போனால் 12 தான். இரண்டாம் வரியில் 6-ஐப் பார்த்துப் பயந்து 2-க்குப் போனவருக்கு, அதற்குக் கீழே 9-ம் 8-ம் காத்திருப்பது தெரியாது. மேலே நின்று பார்க்கும்போது கண்ணில் படுவது அடுத்த வரி மட்டும்தான்.

எல்லாப் பாதைகளையும் போய்ப் பார்த்துவிடலாமே என்றால், ஒவ்வொரு வரிக்கும் பாதைகள் இரட்டிப்பாகும். நான்கு வரிக்கு 8 பாதைகள்தான். நூறு வரி என்றால் 2-இன் 99-ஆம் அடுக்கு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி பாதைகளைச் சோதித்தாலும் இரண்டாயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். 1994-இல் ஸ்வீடனில் நடந்த பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் இதே கணக்கை, குறைந்த தொகைக்குப் பதில் அதிகத் தொகை என்று மாற்றி, நூறு வரிவரைக்கும் கொடுத்திருந்தார்கள். எல்லாப் பாதைகளிலும் நடந்துபார்க்கிறவர் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கான அளவு அது.

சரி, அடியிலிருந்து வருவோம். கடைசி வரியில் நிற்கிறவருக்குத் தேர்வே இல்லை. நிற்கும் இடத்திலிருந்து அடிவரை இறங்க ஆகும் குறைந்த தொகையை மீதித் தொகை என்போம்; அவர் நிற்கும் எண்தான் அவருடைய மீதித் தொகை. அதற்கு மேல் வரியில் நிற்கிறவர், தனக்குக் கீழே இருக்கும் இரண்டு பேரின் மீதித் தொகையில் சிறியதை எடுத்துத் தன் எண்ணோடு கூட்டிக்கொள்வார். என் முக்கோணத்தில் கடைசி வரி 7, 4, 5, 2. மேல் வரியில் உள்ள 9-க்குக் கீழே 7-ம் 4-ம் இருக்கின்றன; 9+4=13. அடுத்து 8-க்குக் கீழே 4, 5; 8+4=12. 1-க்குக் கீழே 5, 2; 1+2=3. இனிமேல் கடைசி வரி நமக்குத் தேவையே இல்லை. 13, 12, 3 என்ற மூன்று எண்களே புதிய அடிவரி.

தேவையில்லாத வரியின் இடத்திலேயே புதிய வரியை எழுதிவிடலாம் என்பதுதான் ஒற்றை அரேயின் சூட்சுமம்.

```python
def min_path(tri):
    best = tri[-1][:]
    for i in range(len(tri) - 2, -1, -1):
        for j in range(i + 1):
            best[j] = tri[i][j] + min(best[j], best[j + 1])
    return best[0]
```

`best` எப்படி மாறுகிறது என்று பேனாவை எடுத்து எழுதிப் பாருங்கள். தொடக்கத்தில் 7, 4, 5, 2. ஒரு வரி ஏறியதும் 13, 12, 3, 2. அதற்கும் மேல் வரியில் 2+12=14, 6+3=9; ஆக 14, 9, 3, 2. கடைசியாக உச்சியில் 3+9=12; அரே 12, 9, 3, 2 என்று நிற்கும். விடை முதல் இடத்தில் இருக்கிறது. பின்னால் இருக்கும் 9, 3, 2 பழைய சரக்கு. அடுத்த சுற்று அவற்றைத் தொடாது என்பதால் அப்படியே கிடக்கின்றன. இதைக் கவனிக்காமல் கடைசியில் `min(best)` என்று எழுதி 2-ஐ விடையாகக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மேலிருந்து கீழே இறங்கும் வடிவத்தில்தான் கடைசி வரியின் குறைந்தபட்சத்தைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு வடிவங்களும் மனதில் கலந்துபோனால் இப்படி ஆகும்.

இதைவிடப் பெரிய கலப்படம் உள் லூப்பின் திசையில் நடக்கிறது. பாஸ்கல் முக்கோணத்தின் ஒரு வரியை ஒற்றை அரேயில் எழுதிப் பழகியவர்களுக்கும், எடை வரம்புள்ள மூட்டையில் அதிக மதிப்புக்குப் பொருள்களை அடுக்கும் மூட்டைக் கணக்கில் ஒவ்வொரு பொருளையும் ஒருமுறை மட்டும் எடுக்கும் வகையைப் போட்டவர்களுக்கும், "ஒற்றை அரே என்றால் வலமிருந்து இடம்" என்று ஒரு பாடம் பதிந்திருக்கும். அந்தக் கணக்குகளில் ஒரு புதிய மதிப்பைக் கணக்கிட அதன் இடப்பக்கத்துப் பழைய மதிப்பு வேண்டும். அதனால் இடப்பக்கத்தை அழிக்காமல் வலமிருந்து வர வேண்டும். இங்கே நிலைமை தலைகீழ். `best[j]`-க்கு வேண்டியது வலப்பக்கத்து `best[j + 1]`, அதுவும் கீழ் வரியின் பழைய மதிப்பு. எனவே இடமிருந்து வலம்தான் போக வேண்டும். வலமிருந்து வந்தால் `best[j + 1]` ஏற்கெனவே இந்த வரியின் மதிப்பாக மாறியிருக்கும். கீழே இறங்குவதற்குப் பதில் அதே வரியில் பக்கவாட்டில் ஒரு அடி வைத்ததுபோல் ஆகிவிடும். கணக்கு அதை அனுமதிக்கவில்லை.

இப்போது ஒரு வேடிக்கை. திசை மாறிய நிரலை என் முக்கோணத்தில் ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாம் வரியில் முதலில் 1+2=3. அடுத்து 8-க்கு 4-ம் 5-ம் கிடைக்க வேண்டும். ஆனால் 5 இருந்த இடத்தில் இப்போது 3 உட்கார்ந்திருக்கிறது. 8+3=11. சரியான மதிப்பு 12 என்பதால் இது தவறு. 9-க்கு 7-ம் 11-ம் கிடைத்து 16 ஆகிறது. அதுவும் தவறு, 13 வந்திருக்க வேண்டும். இரண்டாம் வரியில் 6+3=9, பிறகு 2+9=11; பின்னது 14 ஆக இருந்திருக்க வேண்டும். உச்சியில் 11, 9 இரண்டில் சிறியது 9; 3+9=12.

விடை 12. சரியான விடை! நடுவில் மூன்று மதிப்புகள் தவறு, ஆனால் சிறந்த பாதை வலது ஓரமாகவே போவதால் அவை விடையைத் தொடவில்லை. பேராசையைப் பிடிப்பதற்காக நான் பெருமையாக வைத்திருந்த முக்கோணம் இந்தப் பிழையைப் பிடிக்கவில்லை. இது தெரியாமல் கொஞ்ச காலம் அந்த ஒன்றை மட்டுமே வைத்து நேர்காணல் எடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லீட்கோட் மாதிரியோ இதைப் பிடித்துவிடும்: அதே தவறான திசையில் அங்கே 11-க்குப் பதில் 12 வரும். ஆக ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது.

அதனால் இப்போதெல்லாம் மாதிரிகளை நம்புவதில்லை. மெதுவான ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்:

```python
def slow(tri, i=0, j=0):
    if i == len(tri) - 1:
        return tri[i][j]
    return tri[i][j] + min(slow(tri, i + 1, j), slow(tri, i + 1, j + 1))
```

ஒன்று முதல் எட்டு வரிவரை, -9 முதல் 9 வரை கண்டபடி எண்களைப் போட்டு ஆயிரம் முக்கோணங்கள் உருவாக்கி, இரண்டு நிரல்களும் ஒரே விடை தருகின்றனவா என்று பார்த்தால் போதும். எட்டு வரிக்கு 128 பாதைகள்தான் என்பதால் மெதுவான நிரலுக்கும் சிரமமில்லை. விடை மாறுகிற மிகச் சிறிய முக்கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பிழை எங்கே என்று கையாலேயே தேடிவிடலாம். குறை எண்களையும் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: "தொகை ஏற்கெனவே பெரிதாகிவிட்டது, இந்தப் பாதையை விட்டுவிடலாம்" என்று யாராவது குறுக்கு வழி வைத்திருந்தால், கீழே ஒரு -9 வந்து அதைக் கவிழ்த்துவிடும்.

இந்தச் சோதனையிலும் தப்பிவிடக்கூடிய ஒரு பிழை இருக்கிறது. நிரலின் முதல் வரியில் `[:]` போட்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு `best = tri[-1]` என்று எழுதினால் விடை சரியாகவே வரும். ஆனால் பைத்தானில் அது நகல் அல்ல. முக்கோணத்தின் கடைசி வரியையேதான் நாம் திருத்திக்கொண்டிருப்போம். லீட்கோட் முக்கோணத்தில் முதல் முறை அழைத்தால் 11 வரும். அதற்குள் கடைசி வரி 11, 10, 10, 3 என்று மாறியிருக்கும். அதே முக்கோணத்தை இரண்டாம் முறை கொடுத்தால் 16 வரும். மெதுவான நிரலை முதலில் ஓட்டிவிட்டு வேகமானதை ஒரே ஒருமுறை ஓட்டினால் இது தெரியவே தெரியாது. எனவே வேகமானதை இரண்டு முறை அழைத்துப் பாருங்கள்.

சிலர் வேண்டுமென்றே முக்கோணத்தின் மேலேயே எழுதுவார்கள். கூடுதல் இடமே வேண்டாம் என்பார்கள். அழைத்தவருக்கு அது தெரிந்திருந்தால் தப்பில்லை. சொல்லாமல் செய்தால் சண்டைதான் வரும்.

அந்தத் தம்பி, திசையெல்லாம் திருத்தி முடித்தபிறகு ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "சார், தொகை வந்துருச்சு, எந்த வழியா போனோம்னு எப்படிச் சொல்றது?" ஒற்றை அரேயிடம் அந்தப் பதில் இல்லை. ஒவ்வொரு வரியின் மீதித் தொகையையும் மேல் வரி எழுதும்போது அழித்துக்கொண்டே வந்தோம். பாதையும் வேண்டுமென்றால், ஒவ்வோர் இடத்திலும் இடமா வலமா எது சிறியதாக இருந்தது என்று ஒரு குறிப்பைத் தனியாக எழுதிவைக்க வேண்டும். நூறு வரி முக்கோணத்தில் கடைசி வரி நீங்கலாக 4950 இடங்கள். இடத்துக்கு ஒரு பிட். பிறகு உச்சியிலிருந்து அந்தக் குறிப்புகளைப் படித்தபடி இறங்கினால் பாதை கிடைக்கும். இரண்டும் சமமாக இருந்தால் எந்தப் பக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொகை ஒன்றாகவும் பாதை வேறாகவும் வந்து, சோதனை ஏன் தோற்றது என்று அரை நாள் தேடுவீர்கள்.