பெற்றோர் மறைந்த பின் வங்கிக் கணக்கு: வரவேண்டிய பணமும் தானாகப் போகும் பணமும்

கணக்கு வைத்திருந்தவர் காலமானார் என்று தெரிவித்ததும் வங்கி அந்தக் கணக்கை முடக்கிவிடும். பணம் எடுக்க முடியாது. மாதாமாதம் தானாகப் பிடிக்கப்பட்டுவந்த தொகைகளும் பெரும்பாலும் நின்றுபோகும். வாரிசுகளின் பணத்தைக் காப்பதற்கான விதிதான் இது. ஆனாலும் என்னென்ன நின்றுபோகின்றன என்பதைக் குடும்பம் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாய் மார்ச் 4 அன்று இறந்தார். மகள் 12ஆம் தேதி வங்கியில் தெரிவித்தார். வீட்டுக் காப்பீட்டின் ஆண்டுத் தவணை 20ஆம் தேதி பிடிக்கப்பட வேண்டியது. கணக்கு முடங்கியிருந்ததால் திரும்பிவிட்டது. நினைவூட்டல்கள் தாயின் மின்னஞ்சலுக்கே சென்றன. காப்பீடு காலாவதியாகும் நிலையில் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அதனால்தான் 3 மாத அறிக்கை போதாது, 13 மாத அறிக்கையைப் பாருங்கள் என்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை போகும் தொகை அப்போதுதான் கண்ணில் படும். குறித்த தேதியில் பணம் அனுப்பும்படி வங்கிக்குத் தந்த நிலையான உத்தரவுகள், கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள நிறுவனங்களுக்குத் தந்த அனுமதிகள் ஆகியவற்றின் பட்டியலை வங்கியிடம் கேளுங்கள். அட்டை எண்ணைக் கொடுத்துத் தொடங்கிய சந்தாக்கள் அந்தப் பட்டியலில் வராமல் போகலாம். அட்டையின் அறிக்கையில்தான் தேட வேண்டும். கணக்கு முடங்கினாலும் ஒப்பந்தம் தானாக முடிவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியே எழுத வேண்டும்.

வரவிலும் கவனம் தேவை. வைப்பு வட்டியும் ஈவுத்தொகையும் வாரிசுகளுக்குச் சேரவேண்டியவை. இறப்புக்குப் பிந்தைய காலத்துக்கான ஓய்வூதியம் அப்படியல்ல. கொடுத்தவர் திரும்பக் கேட்பார். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இறந்த மாதத்துக்கே தொகை கிடையாது. மற்ற வரவுகளுக்கு நாட்டுக்கு நாடு ஏற்பாடு மாறும். இந்தியாவில், நாமினி ஒப்புக்கொண்டால், இறந்தவரின் எஸ்டேட், அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்து, என்ற பெயரில் கணக்கு திறந்து அவற்றை அங்கே வரவு வைக்கலாம். இல்லையேல் அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பி, நாமினிக்குத் தெரிவிப்பார்கள்.

விவரம் அறிவதும் பணத்தைப் பெறுவதும் வேறு வேறு. இரண்டுக்குமே இறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாளச் சான்றும் வேண்டும். அதோடு நீங்கள் யார் என்ற கேள்வி வரும்: கூட்டுக் கணக்குதாரரா, நாமினியா, உயிலை நிறைவேற்றுபவரா, வெறும் வாரிசா? முதல் இருவருக்கும் வேலை எளிது. உயில் இருந்தால் நீதிமன்ற அங்கீகாரம் கேட்கப்படலாம். எதுவும் இல்லாதபோது வாரிசுச் சான்றும், சிறு தொகையானால், பின்னர் வேறு யாரேனும் உரிமை கோரினால் இழப்பை ஈடுசெய்வதாக எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரமும் கேட்பது வழக்கம்.

பெற்றோரின் கடவுச்சொல் தெரிந்திருந்தாலும் அதைக் கொண்டு உள்ளே நுழையாதீர்கள். அவர் எழுதித்தந்த அதிகாரப் பத்திரம்கூடப் பொதுவாக இறப்போடு செல்லாததாகிவிடும். பின்னர் எடுத்த தொகைக்கு உடன்பிறந்தவர்களிடம் கணக்குச் சொல்ல நேரும். இறந்த நாளில் இருந்த இருப்பு, அதன்பின் வந்தவை, பிடிக்கப்பட்டவை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தின் நகலில் வங்கி முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.